பை எதுவரை போகும்?

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்கள் நம் பக்கத்திலும் இப்போது நிறைய பேர். கன்னிவாடியில் எங்கள் தெருவில் மட்டும் நான்கு வீடுகள். அதனால் எழுதுகிறேன்.

2024இல் என் மகளுக்கு மெல்போர்னில் பிரசவ நேரம். தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு வர வழியில்லை, ஆகவே தாய்தான் போக வேண்டும். டாக்டர் சொன்ன தேதிக்குப் பதினொரு நாள் முன்னால் நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பினோம். மாப்பிள்ளைதான் டிக்கெட் எடுத்தார். மதுரையிலிருந்து சிங்கப்பூர் ஒரு விமானம். அங்கே ஐந்து மணி நேரம் கழித்து வேறொரு நிறுவனத்தின் விமானம் மெல்போர்னுக்கு. இரண்டும் தனித்தனி டிக்கெட். ஒரே டிக்கெட்டாகச் சென்னை வழியாகப் போவதைவிட இரண்டு பேருக்கும் சேர்த்து இருபத்திரண்டாயிரம் ரூபாய் மிச்சம். நல்ல பிள்ளை, எங்கள் பணத்தை மிச்சம் பிடித்தார் என்றுதான் அன்று நினைத்தேன்.

மதுரை கவுண்டரில் எங்களுக்கு முன்னால் ஒரு தம்பதி நின்றார்கள். வத்தலக்குண்டுப் பக்கம். அவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர், கணக்கு வாத்தியார். வரிசையில் நிற்கும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. மகன் ஜகார்த்தாவில் வேலை பார்க்கிறாராம். பேரனுக்கு முதல் பிறந்தநாள். அவர்களும் எங்களைப் போலவே சிங்கப்பூர்வரை இதே விமானம், அங்கிருந்து தனி டிக்கெட்டில் வேறு விமானம்.

அவர்கள் முறை வந்தது. கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். என் மகளைவிடச் சின்ன வயது இருக்கும்.

"சார், சிங்கப்பூர் விசா?"

"நாங்க சிங்கப்பூர் போகலையேம்மா. ஜகார்த்தா போறோம். அங்க இறங்கித்தான் விசா வாங்கணும். மகன் சொல்லியிருக்கான்."

"ஜகார்த்தா டிக்கெட் தனியா இருக்கு சார். எங்களால பையை சிங்கப்பூர்வரைதான் அனுப்ப முடியும். அங்க நீங்க பையை எடுக்கணும்னா இமிக்ரேஷன் தாண்டி வெளியே வரணும். வெளியே வர விசா வேணும்."

சார் அரை மணி நேரம் வாதாடினார். கணக்கு வாத்தியார் இல்லையா, படிப்படியாக நிரூபித்துப் பார்த்தார். "இந்தோனேசியாவுக்கு விசா தேவைப்பட்டா அவங்க கேட்கட்டும். சிங்கப்பூர்க்காரன் தடுத்தா அவன் தடுக்கட்டும். நீ ஏம்மா மதுரையில உக்காந்து தடுக்கற?" அந்தப் பெண் மேலதிகாரியை அழைத்தாள். அவரும் கம்ப்யூட்டரில் ஏதோ பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். அந்த அம்மா பேரனுக்கு வாங்கிய வெள்ளி அரைஞாணைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். கடைசியில் இருவரும் பைகளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்கள். எங்கள் விமானம் அவர்கள் இல்லாமல்தான் போனது.

அவர்களுக்கு அடுத்து நாங்கள். எனக்குக் கை நடுங்கியது. எங்கள் பையும் சிங்கப்பூர்வரைதான். எங்களிடமும் சிங்கப்பூர் விசா கிடையாது. ஆனால் எங்களை விட்டார்கள்!

ஏன் என்று அப்போது தெரியவில்லை. பிறகு விசாரித்துப் படித்துத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

விமான நிலையத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு உண்டு. அது இமிக்ரேஷன் கவுண்டர். விமானத்தை விட்டு இறங்கி அந்தக் கவுண்டரைத் தாண்டாதவரை நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழையவில்லை என்றுதான் சிங்கப்பூரில் கணக்கு. கோட்டுக்கு இந்தப் பக்கமே கடை, சாப்பாடு, நாற்காலி, அடுத்த விமானத்தின் வாசல் எல்லாம் இருக்கும். இந்தப் பக்கமே இருந்து விமானம் மாறிப் போகிற இந்தியருக்கு அங்கே விசா தேவையில்லை. சாருக்கு மகன் சொன்னதும் இதைத்தான். தப்பே இல்லை. ஆனால் பெட்டிகள் வந்து சுற்றுகிற பட்டை கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதுதான் சிக்கல்.

ஒரே டிக்கெட்டாக இருந்தால், அதாவது இரண்டு விமானமும் ஒரே PNR எண்ணில் இருந்தால், பொதுவாக முதல் கவுண்டரிலேயே பையில் கடைசி ஊரின் பெயரை ஒட்டிவிடுவார்கள். பை தானாக மாறிப் போகும். நாம் கோட்டைத் தாண்ட வேண்டியதில்லை. தனித்தனி டிக்கெட் என்றால் முதல் நிறுவனத்துக்கு நம் இரண்டாவது பயணத்தோடு சம்பந்தமே இல்லை. பையை சிங்கப்பூரில் இறக்கிவிட்டு அது கடமையை முடித்துக்கொள்ளும். நாம் கோட்டைத் தாண்டி, பையை எடுத்து, மறுபடி புறப்பாட்டுப் பகுதிக்குப் போய், புதுப் பயணியைப் போல அடுத்த நிறுவனத்திடம் பையைக் கொடுக்க வேண்டும். கோட்டைத் தாண்டும் அந்த ஒரு செயலுக்குத்தான் அனுமதி வேண்டும்.

எங்களுக்கு அந்த அனுமதி இருந்திருக்கிறது, எங்களுக்கே தெரியாமல். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் 96 மணி நேரம்வரை விசா இல்லாமல் சிங்கப்பூருக்குள் வந்து போக ஒரு சலுகை உண்டு. அதற்கு ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா கையில் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் கிளம்பும் அடுத்த டிக்கெட்டும் இருக்க வேண்டும். எங்களிடம் ஆஸ்திரேலிய விசா இருந்தது. சாரிடம் அந்தப் பட்டியலில் உள்ள எந்த நாட்டு விசாவும் இல்லை. இந்தோனேசியாவில் இறங்கிய பிறகு வாங்கும் விசா இதற்குக் கணக்கில் வராது. அவ்வளவுதான் வித்தியாசம். சிங்கப்பூரில் இறங்கியதும் உள்ளே விடுவதா வேண்டாமா என்ற கடைசி முடிவு என்னவோ அங்குள்ள அதிகாரி கையில்தான்.

ஆஸ்திரேலிய விசா பாஸ்போர்ட்டில் ஒட்டி வராது. மின்னஞ்சலில் கடிதம் மட்டும்தான். மாப்பிள்ளை அதை இரண்டு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். கவுண்டர் பெண் கேட்டதும் அந்தக் காகிதத்தைத்தான். வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தால் என் போனில் தேடி எடுப்பதற்குள் கவுண்டரையே மூடியிருப்பார்கள்.

இனி சார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மதுரையில் உட்கார்ந்திருக்கும் பெண் ஏன் சிங்கப்பூருக்காகத் தடுக்க வேண்டும்?

உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றி வந்தால் அந்த விமான நிறுவனம்தான் அவரைத் திருப்பி அழைத்துப் போக வேண்டும். பல நாடுகளில் ஆளுக்கு இவ்வளவு என்று அபராதமும் கட்ட வேண்டும். அதனால் ஒவ்வொரு நிறுவனமும் ஏற்றுவதற்கு முன்பே சோதித்துவிடுகிறது. அவர்கள் கம்ப்யூட்டரில் பார்ப்பது டைமாடிக் என்ற ஒரு தகவல் தொகுப்பு. எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எந்த ஊர் வழியாக, எங்கே போகிறார் என்று கொடுத்தால் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று அது காட்டும். அது கூடாது என்றால் அந்தப் பெண் என்ன செய்ய முடியும்? சிங்கப்பூரின் வாசல் உண்மையில் மதுரைக் கவுண்டரிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

இந்த அபராத முறைக்கு நம் தமிழர்களோடு ஒரு தொடர்பு இருப்பதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் பிழைக்க ஓடிய தமிழர்கள் பிரிட்டனுக்கும் போனார்கள். 1985இல் பிரிட்டன் இலங்கையர்களுக்கு விசா கட்டாயம் என்றது. காமன்வெல்த் நாடு ஒன்றுக்கு அவர்கள் அப்படி விசா வைத்தது அதுதான் முதல் தடவை. 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோவில் வந்திறங்கி அடைக்கலம் கேட்ட 58 தமிழர்களைத் திருப்பி அனுப்ப முயன்றார்கள். அவர்களில் பலர் ஓடுபாதை அருகே உடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்று போராடினார்கள். லண்டன் குளிரில்! அடுத்த மாதமே பிரிட்டிஷ் அரசு புதுச் சட்டம் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. உரிய ஆவணம் இல்லாத பயணி ஒவ்வொருவருக்கும் விமான நிறுவனம் ஆயிரம் பவுண்டு கட்ட வேண்டும் என்ற சட்டம் அந்த ஆண்டே வந்துவிட்டது. அடைக்கலம் கேட்க வேண்டுமானால் முதலில் அந்த மண்ணுக்கு வர வேண்டும். வரவிடாமல் செய்கிற வேலையை விமான நிறுவனத்தின் தலையில் கட்டிவிட்டார்கள்.

கோட்டைத் தாண்டாமல் விமானம் மாறுவதற்குக்கூடச் சில நாடுகள் விசா கேட்பதற்கும் காரணம் கிட்டத்தட்ட இதேதான். வழியில் இறங்கி அங்கேயே அடைக்கலம் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். இன்றும் இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் போன்ற ஐரோப்பிய விமான நிலையங்களில் வாசல் மாறுவதற்கே தனி விசா எடுக்க வேண்டும் என்பது பொது விதி. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு லண்டனில் அப்படி ஒரு விசா உண்டு. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் விசாவோடு அங்கே போகிறவர்களுக்கு அதில் விலக்கும் உண்டு. இந்த விதிகள் அடிக்கடி மாறும். ஆகவே என் பதிவை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். எடுக்கும் வாரத்தில் அந்த நாட்டின் அரசுத் தளத்தைப் பாருங்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். ஐந்து மணி நேரம் என்றால் ஊர் சுற்றவே நேரம் இருக்கும் என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விமானம் நாற்பது நிமிடம் தாமதம். இறங்கி நடந்து இமிக்ரேஷன் வரிசைக்கு வர இருபது நிமிடம். அவருக்கு முழங்கால் வலி. வரிசையில் ஐம்பது நிமிடம். சிங்கப்பூருக்குள் போகிறவர்கள் வருவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும். மாப்பிள்ளை நிரப்பியிருந்தார். எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் நிரப்பவில்லை. அவரை ஓரமாக நிறுத்திவிட்டார்கள். பை எடுக்கக் கால் மணி நேரம். ஸ்கைட்ரெயினில் வேறு டெர்மினல் போய்க் கவுண்டரைக் கண்டுபிடிக்க அரை மணி. அங்கே ஒரு வரிசை. நான்கு பையையும் கொடுத்து முடித்தபோது விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்தான் இருந்தது. புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அந்தக் கவுண்டரை மூடிவிடுவார்கள். கால் மணி நேரத்தில் தப்பித்தோம்.

தப்பியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? ஒரே டிக்கெட்டாக இருந்து முதல் விமானம் தாமதமானால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் முதல் நிறுவனம் "சிங்கப்பூர் சேர்த்துவிட்டோம்" என்று சொல்லிவிடும். இரண்டாவது நிறுவனம் "நீங்கள் வரவில்லை" என்று சொல்லிவிடும். இரண்டும் உண்மை. புது டிக்கெட் நம் கைக்காசு. மிச்சம் பிடித்த இருபத்திரண்டாயிரத்தைப் போல இரண்டு மடங்கு போயிருக்கும். அதைவிட, சுக்கு திப்பிலி போட்டு இடித்த பிரசவ மருந்து முழுவதும் அந்தப் பையில். (அதை ஆஸ்திரேலிய அட்டையில் மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்து, மோந்து பார்த்து, சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்கள்.)

மாப்பிள்ளையிடம் பிறகு அந்த டிக்கெட் எடுத்த பக்கத்தைக் காட்டச் சொன்னேன். ஒரு இடைத்தரகர் தளம். இரண்டு விமானமும் ஒரே பயணம் போல, ஒரே விலையில், ஒரே பதிவு எண்ணோடு காட்டியிருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் Self-transfer என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குள்தான் நான் மேலே எழுதிய அத்தனையும் அடங்கியிருக்கிறது. ஆகவே தளம் கொடுக்கும் எண்ணைப் பார்த்து ஒரே டிக்கெட் என்று நம்பிவிடாதீர்கள். விமான நிறுவனத்தின் PNR ஒன்றா இரண்டா என்று பாருங்கள்.

திரும்பும்போது நான் பிடிவாதமாக ஒரே டிக்கெட் எடுக்கச் சொன்னேன். மெல்போர்ன், சிங்கப்பூர், சென்னை, மதுரை. மெல்போர்னில் பைக்கு ஒட்டிய சீட்டில் கடைசியாக IXM என்று பார்த்தேன். அது மதுரையின் குறியீடு. நிம்மதியாக சிங்கப்பூரில் கோட்டுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்து இட்லி தேடிக்கொண்டிருந்தோம். சென்னையில் இறங்கி, பைதான் மதுரை போகிறதே என்று பட்டையைப் பார்க்காமலே நடந்தேன். சுங்கத்தில் நின்ற ஒருவர் சீட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார். "அம்மா, இந்தியாவுக்குள்ள முதல்ல இறங்குற ஊர்லதான் கஸ்டம்ஸ். பையை எடுத்துக் காட்டிட்டு அப்புறம் டொமஸ்டிக்ல போடுங்க."

இதுதான் அடுத்த பாடம். சீட்டில் எந்த ஊர் இருந்தாலும், வெளிநாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானம் மாறும்போது பொதுவாக முதல் இந்திய ஊரிலேயே இமிக்ரேஷன், பை, சுங்கம் மூன்றும் முடிய வேண்டும். சில தடங்களுக்கு மட்டும் விலக்கு தருகிறார்கள். அதை ஏறும் இடத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். எடுக்காமல் போயிருந்தால் நாங்கள் மதுரையிலும் பைகள் சென்னையிலும் இருந்திருப்போம்.

அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே. அங்கே அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஏற்பாடே கிடையாது. முதலில் இறங்கும் ஊரிலேயே எல்லோரும் கோட்டைத் தாண்ட வேண்டும். பையை எடுத்துச் சுங்கம் தாண்டி, அங்கேயே பக்கத்தில் இருக்கும் பட்டையில் திரும்பப் போட வேண்டும். அமெரிக்கா வழியாக மெக்சிகோ போகிறவருக்கும் அதே கதைதான், அவருக்கும் அமெரிக்க விசா வேண்டும். என் நாத்தனார் அபுதாபி வழியாக நியூயார்க் போனார். அந்த அமெரிக்க இமிக்ரேஷனே அபுதாபியில் முடிந்துவிட்டதாம். அமெரிக்க அதிகாரிகள் அங்கேயே உட்கார்ந்து பார்க்கிறார்கள். நியூயார்க்கில் உள்ளூர் விமானத்தில் வந்தவரைப் போல நேராகப் பை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

மதுரையில் திருப்பி அனுப்பப்பட்ட சார் வரிசையில் நிற்கும்போதே என் போன் நம்பரை வாங்கியிருந்தார். மெல்போர்னில் பேத்தி பிறந்த நான்காம் நாள் கூப்பிட்டார். அந்த இரண்டு டிக்கெட்டுக்கும் பணம் திரும்ப வரவில்லையாம். வரியில் கொஞ்சம்தான் கொடுத்தார்களாம். பேரனின் பிறந்தநாளும் முடிந்துவிட்டது. "வெறும் கைப்பையோட போயிருந்தா விட்டிருப்பாங்களா டீச்சர்?" என்று கேட்டார். அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸை முன்னதாகவே இணையத்தில் எடுத்துவைத்து, ஏழு கிலோ கைப்பை மட்டும் கொண்டுபோனால் சிங்கப்பூரில் கோட்டைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் தனி டிக்கெட் என்றாலே ஏற்ற மறுக்கும் நிறுவனங்களும் உண்டு. முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்காமல் போகாதீர்கள் என்றேன். பேரனைப் பார்க்க ஏழு கிலோவோடு போக அந்த அம்மா ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

ஒரு மாதம் கழித்து வாட்ஸப்பில் படம் அனுப்பினார். சென்னையிலிருந்து ஜகார்த்தாவரை ஒரே டிக்கெட், அதுவும் சிங்கப்பூர் வழியாகத்தான். பைச் சீட்டில் CGK என்று பெரிதாகத் தெரிந்தது. அது ஜகார்த்தாவின் குறியீடு. சிங்கப்பூர் விசா யாருமே கேட்கவில்லையாம். அடுத்த படத்தில் பேரனின் இடுப்பில் அந்த வெள்ளி அரைஞாண். கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது.

கீழே எழுதியிருந்தார்: "அதே ஏர்போர்ட், அதே நாலு மணி நேரம். பை மட்டும்தான் டீச்சர் வேற வழியா போச்சு."